தமிழில் கேப்பிடல் எழுத்து இல்லையே, ஐயா: ஃபவுண்டனோடு சில வருஷம்

குறும்படம் எடுக்கக் கிளம்பியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "சிறுகதைய ஸ்கிரிப்ட் ஃபார்மட்டுக்கு மாத்த நீங்க ஃபவுண்டன்தானே வச்சிருக்கீங்க? தமிழுக்கு ஒத்துவருதா?" வாட்ஸாப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன். அது புலம்பலாக நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

ஃபவுண்டன் என்பது செயலி அல்ல, ஒரு எழுத்து முறை. ஜான் ஆகஸ்ட், ஸ்டூ மாஷ்விட்ஸ், நீமா யூசெஃபி ஆகியோர் சேர்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். வெறும் நோட்பேடில் சில விதிகளின்படி எழுதினால் போதும். இதைப் படிக்கத் தெரிந்த எந்தச் செயலியும் காட்சித் தலைப்பு எது, திரையில் நடப்பதைச் சொல்லும் ஆக்‌ஷன் வரி எது, வசனம் எது என்று பிரித்து, திரைக்கதை வடிவில் பிடிஎஃப் கொடுத்துவிடும். மார்ஜின், இடைவெளி எதையும் நாம் தொட வேண்டாம். ஃபோனில் பாதி, லேப்டாப்பில் மீதி என்று எழுதலாம். எந்தச் செயலி கடையை மூடினாலும் நம் கோப்பு திறக்கும். இதுவரைக்கும் பாராட்டுத்தான்.

எரிச்சல் எங்கே தொடங்குகிறது என்று காட்ட என் கதையிலிருந்தே ஒரு பத்தியைப் போடுகிறேன்.

"ஒன்பது மணி பஸ் போய்விட்டது என்று தெரிந்ததும் முருகேசனுக்கு வீட்டுக்கு நடக்கவே மனமில்லை. பொன்னுச்சாமி கடை இன்னும் திறந்திருந்தது. வழக்கம்போலக் கடன் சொல்லித்தான் டீ குடிக்க வேண்டும். 'பொண்ணுக்கு ஃபீஸ் கட்டிட்டீங்களா?' என்று கேட்டார் பொன்னுச்சாமி. கட்டிவிட்டதாகத் தலையாட்டினான்."

கதையாகப் படிக்கும்போது இதில் ஒரு குறையும் தெரியாது. காட்சியாக்க உட்காரும்போதுதான் ஒவ்வொரு வரியும் முரண்டு பிடிக்கும். 'தெரிந்ததும்', 'மனமில்லை', 'வழக்கம்போல' மூன்றையும் கேமராவால் பிடிக்க முடியாது. கடைசி வரி இன்னும் மோசம். அவன் ஃபீஸ் கட்டவில்லை என்பது கதையில் இரண்டு பக்கம் முன்னாலேயே வாசகருக்குத் தெரியும். படம் பார்ப்பவருக்கு அந்தத் தலையாட்டல் உண்மை என்றே தோன்றும், அவன் பொய் சொல்வதைக் காட்ட ஏதாவது ஒரு பொருள் வேண்டும். மாற்றியது இப்படி:

```
EXT. பேருந்து நிறுத்தம் - இரவு

பஸ்ஸின் பின்விளக்கு திருப்பத்தில் மறைகிறது. முருகேசன் ஓடி வந்து நிற்கிறான்.

ஊருக்குப் போகும் பாதையைப் பார்க்கிறான். எதிர்ப்பக்கம் நடக்கிறான்.

EXT. பொன்னுச்சாமி டீக்கடை - இரவு

முருகேசன் வாய் திறக்கும் முன்பே பொன்னுச்சாமி கடன் நோட்டை எடுக்கிறார்.

@பொன்னுச்சாமி
(எழுதியபடி)
பொண்ணுக்கு ஃபீஸ் கட்டிட்டீங்களா?

முருகேசனின் சட்டைப் பையில் மடித்த சலான் எட்டிப் பார்க்கிறது. அதைக் கையால் மூடிக்கொண்டு தலையாட்டுகிறான்.
```

'வழக்கம்போல' என்ற சொல் கடன் நோட்டாக மாறியிருக்கிறது. 'மனமில்லை' ஒரு திசைமாற்றம் ஆகிவிட்டது. இறந்தகாலம் முழுக்க நிகழ்காலத்துக்கு வந்துவிட்டது. 'என்று கேட்டார்' தேவையே இல்லை, பெயர் மேலே இருக்கிறது. ஒரே பத்தி இரண்டு காட்சியாகவும் பிரிந்தது. ஷூட்டிங்கில் பஸ் ஸ்டாப் ஒரு இடம், டீக்கடை வேறு இடம். இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்தால் ஷெட்யூல் போடுபவர் நம்மைத் திட்டுவார்.

எனக்குக் கிடைத்த எதிர்பாராத சந்தோஷம் இதுதான். ஃபவுண்டனில் கலர், ஃபான்ட் என்று நோண்ட ஒன்றும் இல்லாததால் கை அலைபாய வழியில்லை. ஒரு வரியை எழுதியதும் அது ஆக்‌ஷனா வசனமா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். இரண்டுமே இல்லை என்றால் அது முருகேசனின் மனதுக்குள் நடப்பது. அதற்கு இங்கே இடமே கிடையாது. என் கதைகளில் எவ்வளவு 'நினைத்தான்' இருந்தது என்பது இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

சரி, இப்போது கோபத்துக்கு வருவோம். மேலே பொன்னுச்சாமிக்கு முன்னால் ஒரு @ இருக்கிறதே, அதுதான் விஷயம்.

ஃபவுண்டன் விதி சொல்வது: மேலே ஒரு காலி வரி, கீழே காலி வரி இல்லை, முழுக்கக் கேப்பிடல் எழுத்து. அப்படி ஒரு வரி இருந்தால் அது பாத்திரத்தின் பெயர். ஆங்கிலத்துக்கு அழகான விதி. தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு வசனத்துக்கும் பெயருக்கு முன்னால் @ போட்டு, 'இது ஆள்தான்' என்று வற்புறுத்த வேண்டும். காட்சித் தலைப்பும் அப்படியே. INT. அல்லது EXT. என்று ஆங்கிலத்தில் தொடங்கினால் புரிந்துகொள்ளும். 'உள்', 'வெளி' என்று தமிழில் தொடங்க ஆசைப்பட்டால் வரியின் முதலில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். என் ஃபோனின் தமிழ்க் கீபோர்டில் @ வேறு பக்கத்தில் இருக்கிறது. இருவர் சண்டை போடும் காட்சியை அதில் அடித்துப் பாருங்கள், அவர்களைவிட நமக்குக் கோபம் வரும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, இதே விஷயத்தில் செயலிக்குச் செயலி நடந்துகொள்ளும் விதம் மாறுவது. சில செயலிகள் பெரிய எழுத்தை A முதல் Z வரைக்கும் மட்டும் தேடும். அவற்றில் @ இல்லாத தமிழ்ப் பெயர் வெறும் ஆக்‌ஷன் வரியாக இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். வேறு சில, வரியைப் பெரிய எழுத்தாக மாற்றிப் பார்த்து, மாறவில்லை என்றால் 'ஏற்கெனவே பெரிய எழுத்துத்தான்' என்று முடிவு கட்டும். தமிழ் வரியை எப்படி மாற்றினாலும் அது அப்படியேதானே இருக்கும்? விளைவு, அந்தச் செயலியின் கண்ணுக்கு எல்லாத் தமிழ் வரியும் கேப்பிடல். இதை எழுதினால்:

```
முருகேசன் ஓடி வந்து நிற்கிறான்.
பஸ்ஸின் பின்விளக்கு மறைகிறது.
```

'முருகேசன் ஓடி வந்து நிற்கிறான்' என்பவர் ஒரு பாத்திரம் ஆகிவிடுவார். 'பஸ்ஸின் பின்விளக்கு மறைகிறது' அவர் பேசும் வசனம்! கண்டுபிடிப்பது சுலபம். செயலியின் பிரிவியூவில் முழு வாக்கியம் பெயர் இருக்க வேண்டிய நடுவில் நிற்கும். பாத்திரங்களின் பட்டியலைத் திறந்தாலும் நீளமான பெயரோடு புது ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். தீர்வு, ஒரு ஆக்‌ஷன் பத்திக்குள் என்டர் தட்டாமல் எழுதுவது. தட்டியே ஆக வேண்டும் என்றால் பத்தியின் தொடக்கத்தில் ! போடுவது. அப்போது எந்தச் செயலியும் அதை ஆக்‌ஷனாகவே எடுத்துக்கொள்ளும்.

பட்டியல் என்றதும் இன்னொன்று. ஒரு இடத்தில் பொன்னுச்சாமி, இன்னொரு இடத்தில் பொன்னுசாமி என்று எழுதினால் செயலிக்கு அவர்கள் இரண்டு பேர். கதையில் 'டீக்கடைக்காரர்' என்றும் அழைத்திருப்போம். அதைப் பெயர் வரியில் போட்டால் மூன்றாவது ஆளும் வந்துவிடுவார்.

@ தொல்லைக்கு நான் கண்ட வழி இது. முதல் வரைவில் நாடகம் எழுதுவதுபோல 'பொன்னுச்சாமி: பொண்ணுக்கு ஃபீஸ் கட்டிட்டீங்களா?' என்று ஒரே வரியில் அடித்துவிடுவேன். முடிந்ததும் லேப்டாப்பில், ரீஜெக்ஸ் என்னும் வடிவத் தேடல் தெரிந்த எடிட்டரில் ஒரே மாற்று:

```
Find:    ^([^:\n]+):[ \t]*
Replace: \n@$1\n
```

முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதெல்லாம் பெயராகும், பின்னால் இருப்பது வசனமாகும். ஆக்‌ஷன் வரியில் முக்காற்புள்ளி வைக்கும் பழக்கம் இருந்தால் அந்த வரிகளைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். Title:, Author: என்ற தலைப்புப் பக்க வரிகளை இதற்குப் பிறகே சேர்க்கவும், இல்லையென்றால் அவர்களும் வசனம் பேசுவார்கள்.

அப்புறம், ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் என்றால் படத்தில் ஒரு நிமிஷம் என்பார்களே, அந்தக் கணக்கு. அது 12 பாயின்ட் கூரியர் எழுத்தை நம்பி வந்த கணக்கு. அந்த எழுத்துருவில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், வசனப் பத்தியில் வரிக்குச் சுமார் 35 எழுத்துகள் வரும். கூரியரில் தமிழ் எழுத்துகள் இல்லை. நான் முதலில் வைத்திருந்த ஒரு செயலி பிடிஎஃபில் பெட்டி பெட்டியாகத் துப்பியது. இன்னொன்று தமிழைக் காட்டியது, ஆனால் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தூக்கி வைத்தது. தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க விடும் செயலிக்கு மாறியபின் எழுத்து சரியாக வந்தது. வரிதான் பாதியிலேயே மடங்கியது. காரணம், 'நிற்கிறான்' என்பது நமக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் பத்துக் குறிகள். குறிகளை எண்ணி வரியை உடைக்கும் செயலி, இடம் இருக்கும்போதே அடுத்த வரிக்குத் தாவுகிறது. பக்கம் வீங்குகிறது. அதனால் பிடிஎஃபின் பக்க எண்ணிக்கையை வைத்துப் படத்தின் நீளத்தைச் சொல்லாதீர்கள். வாய்விட்டுப் படித்து, நடையையும் மௌனத்தையும் சேர்த்து, ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். டீக்கடைக் காட்சியில் முருகேசன் தலையாட்டுவதற்கு முன்னால் வரும் அந்த இடைவெளியை எந்த எழுத்துருவும் எண்ணித் தராது.

இவ்வளவும் சரிசெய்து, அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், எங்கள் அசோசியேட் டைரக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, லெஃப்ட்ல விஷுவல், ரைட்ல டயலாக்னு போட்டுத் தந்துடுங்களேன்" என்றார். தமிழ் சினிமாவில் பலர் இன்றும் பழகியிருப்பது அந்த இரண்டு பத்தி வடிவம்தான். இடப்பக்கத்தில் குறிப்பெழுத வசதி, நடிகருக்கு வசனத்தை மட்டும் காட்டவும் வசதி. அவரிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஃபவுண்டனில் அந்த வடிவம் கிடையாது.

ஆக, நண்பருக்கு என் பதில்: வேண்டாம். குழு முழுக்கத் தமிழ், ஸ்கிரிப்ட் பேப்பரில்தான் சுற்றும் என்றால், வேர்டில் இரண்டு பத்தி டேபிள் போட்டு நேராக எழுதிவிடுங்கள். வெளிமாநில நிதி, திரைக்கதைப் பட்டறை, போட்டி என்று எங்காவது ஆங்கில வடிவம் கேட்டால் மட்டும் இதைத் தொடுங்கள். தொட்டால், முதல் நாளே செயலியை ஐந்து வரித் தமிழில் சோதியுங்கள்: @ போட்ட ஒரு பெயர், என்டர் தட்டிய ஒரு ஆக்‌ஷன் பத்தி, 'கொ' வரும் ஒரு சொல். மூன்றில் எது சொதப்பினாலும் அந்தச் செயலியைத் தூக்கிப் போடுங்கள், கோப்பு பத்திரமாக இருக்கும்.

நான் மாறப்போகிறேனா என்று கேட்காதீர்கள். அடுத்த கதையும் `.fountain` கோப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, கடைசியில் வசனங்களை வெட்டி டேபிளில் ஒட்டும் வேலை எனக்கே காத்திருக்கிறது.