பாம்பன் டீக்கடைச் சில்லறையை வங்கியில் கட்டுவது: சில வருட அனுபவம்

பாம்பனில் டீக்கடை வைத்திருக்கிறேன். தனுஷ்கோடி போகிற வண்டிகள் நிற்பதால் பத்து ரூபாய் நாணயம் கல்லாவில் குவியும், அதையே உள்ளூர்க்காரரிடம் மீதியாகக் கொடுத்தால் "இது செல்லாதுண்ணே" என்று திருப்பித் தருவார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லியும் இந்தப் பேச்சு ஓயவில்லை. வேறு வழி? வங்கிதான்.

கணக்கில் நாணயம் கட்ட ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆயிரம் ரூபாய் வரம்பு என்று சொல்வது கடையில் கொடுத்து வாங்குவதற்கு. அப்படியும் கவுண்டரில் முகம் சுளிப்பதற்குக் காரணம், நோட்டு எண்ணும் மெஷினில் நாணயம் போகாது, பின்னால் வரிசை நிற்கும்போது கையால் எண்ண வேண்டும், குறைந்தால் காசாளர்தான் பதில் சொல்ல வேண்டும். வாங்கி வைத்ததைக் கேட்டு வாங்கிப் போகவும் ஆள் குறைவு, பெட்டகத்தில் இடம்தான் அடைபடும்.

அதனால் அவர் எல்லாவற்றையும் எண்ணாமலே சரிபார்க்க முடிகிற மாதிரி கட்டித் தருவதில்தான் விஷயம் இருக்கிறது. பாலிதீன் பையில் நூறு நூறாகப் போட்டு வாங்குவது வசதி என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம், நூறு போட்டால் 771 கிராம். ஒரு பையை எண்ணிவிட்டு மற்றதைத் தராசில் வைத்தால் போதும், ஒன்று குறைந்தாலும் காட்டிவிடும். 2019-க்குப் பிறகு வந்தது ஒரு துளி கூடுதல் எடை, கலந்தால் நூறுக்கு மூன்று கிராம்தான் ஏறும். ஆனால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயில் இந்தக் கணக்கு நடக்காது, வருடத்துக்கு ஒரு எடையில் வந்திருக்கின்றன. பெரிசு, சிறிசு பார்த்துத் தனித்தனிப் பையில் போட்டால்தான் எடை பேசும்.

போன தடவை பத்து ரூபாய் பத்து பை, ஐந்து ரூபாய் நான்கு பை, பத்து ரூபாய் நோட்டு மூன்று கட்டு, ஆக 15,000. சலானிலும் இதே வரிசையில் எழுதினேன். ஒவ்வொரு பையிலும் தொகையும் கணக்கு எண்ணும் எழுதிய சீட்டு.

நோட்டுதான் நம்ம ஊரில் பாடு. மீன் விற்ற கையோடு வருகிற பத்து ரூபாய் ஈரமும் உப்புமாக ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், மெஷின் இரண்டை ஒன்றாக எண்ணும், இல்லை சிக்கி நிற்கும். நிழலில் உலர்த்தி, ஒரே முகமாக அடுக்கி, நூறுக்கு ஒரு காகிதப் பட்டை. ஸ்டேப்ளர் அடிக்கவே கூடாது. கிழிந்ததைக் கட்டுக்குள் ஒளிக்காமல் தனியாக நீட்டுங்கள்.

மாதத்தின் முதல் வாரம் பென்ஷன் கூட்டம், அப்போது போகாதீர்கள். மதியத்துக்கு மேல், முதல் நாளே சொல்லிவிட்டுப் போனால் எங்கள் கிளையில் வாங்கிக்கொள்கிறார்கள். முன்பு ஒரு கிளையில் "நாணயம் வாங்குவதில்லை" என்றபோது, அதையே எழுதித் தாருங்கள் சார் என்று மேலாளரிடம் கேட்டேன், எழுதாமல் வாங்கிக்கொண்டார். அதிலும் நடக்கவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், முப்பது நாளில் தீராவிட்டால் cms.rbi.org.in. நடப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் ரொக்கம் கையாளும் கட்டணத்தை முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள், அது வங்கிக்கு வங்கி மாறும்.