ஸ்கிரீன்ஷாட்டில் வரும் எமோஜியைப் படித்தறிதல்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பாரிமுனை தம்புச் செட்டித் தெருவில் அமர்ந்து, வழக்கறிஞர்கள் தரும் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் தொழில். ஆறு ஆண்டுகளாக, என்னிடம் வருபவற்றில் கடிதங்களைவிட அலைபேசி உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளே அதிகம். அவற்றிலுள்ள எமோஜிகளை அடையாளம் காண, அன்றுமுதல் எமோஜிபீடியா தளத்தைப் பயன்படுத்தி வருகிறேன். எமோஜியின் பொருளுக்காக அதைத் திறப்பது அரிது. ஒரே எமோஜியை ஒவ்வொரு நிறுவனமும் எந்தெந்தப் பதிப்பில் எப்படி வரைந்தது என்ற படவரிசைக்காகவே திறக்கிறேன்.

அந்த வரிசையின் அருமையை எனக்கு உணர்த்தியது ஒரு வாடகைத் தகராறு. ‘வாடகையை அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்’ என்று 2017இல் அண்ணன் குறுஞ்செய்தி அனுப்ப, தங்கை ‘சரி அண்ணா’ என எழுதி ஒரு முகத்தையும் சேர்த்திருந்தார். தங்கையின் சாம்சங் அலைபேசியில் அன்றே எடுத்த படத்தில் அந்த முகம் லேசான புன்னகையோடு மேலே பார்த்தது. அண்ணனின் ஐபோன் படத்திலோ சலிப்போடு கண்களை உருட்டியது. இளம் வழக்கறிஞர் ஒருவர், “சார், சிரித்துக்கொண்டே சம்மதித்திருக்கிறார் என்று எழுதிவிடுங்கள்” என்றார். ஆனால் அதே சாம்சங்கில் 2019இல் எடுத்த இன்னொரு படமும் வழக்கின் ஆவணங்களுக்கிடையே இருந்தது. அதே செய்தி, அதே நேரம், ஆனால் முகம் சலிப்பாக மாறியிருந்தது. யாரோ படத்தைத் திருத்திவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு சந்தேகப்பட்டதில் வியப்பில்லை.

யாரும் திருத்தவில்லை. செய்தியோடு பயணம் செய்வது படம் அன்று, ஒவ்வோர் எழுத்துக்கும் எமோஜிக்கும் உலகப் பொதுவாக உள்ள யூனிகோட் எண் மட்டுமே. இங்கே அது `U+1F644`. அந்த எண்ணுக்கு உரிய படத்தைத் திரையில் வரைவது, பார்ப்பவரின் அலைபேசியிலுள்ள எழுத்துரு. கண்ணை உருட்டும் இந்த முகத்தைச் சாம்சங் முன்பு புன்னகையோடு வரைந்திருந்தது. 2018இல் வந்த தன் அலைபேசி மென்பொருளின் ‘எக்ஸ்பீரியன்ஸ் 9.0’ பதிப்பில் மற்ற நிறுவனங்களை ஒட்டி மாற்றிவிட்டது. அலைபேசி புதுப்பிக்கப்பட்டதும், பழைய செய்திகளும் புதிய முகத்தோடு தெரியத் தொடங்கிவிடும். ஆகவே, செய்தியின் தேதியைவிட ஸ்கிரீன்ஷாட் எடுத்த தேதியே முக்கியம். செய்திக் குமிழுக்குள் இருக்கும் நேரம் அதைச் சொல்லாது. கோப்பின் பெயர் பெரும்பாலும் சொல்லும். சாம்சங்கில் `Screenshot_20190312-…` என்று தொடங்கும் பெயரில் எடுத்த நாள் அப்படியே இருக்கிறது. அதே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பெற்றால் `IMG-…-WA0004.jpg` போன்ற பெயராகி அந்தத் தடயம் போய்விடும் என்பதால், இப்போதெல்லாம் மூலக் கோப்பை மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ தருமாறு கேட்கிறேன்.

அடுத்ததாக, எந்தச் செயலி என்று பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தனக்கென ஒரு படத்தொகுப்பை வைத்திருப்பதால், சாம்சங்கிலிருந்து வந்த வாட்ஸ்அப் படத்தில் சாம்சங்கின் முகம் இராது. ஐபோனிலோ ஆப்பிளின் முகமே தெரியும். மேற்கண்ட குழப்பம், அது அலைபேசியின் சொந்தக் குறுஞ்செய்திச் செயலி என்பதால்தான் வந்தது.

எண்ணை உறுதி செய்ய, படத்தை உற்றுப் பார்ப்பதைவிட மூலச் செய்தியை நகலெடுப்பதே நல்லது. அதை வேர்டில் ஒட்டி, எமோஜிக்குப் பின்னால் கர்சரை வைத்து `Alt+X` அழுத்தினால் `1F644` என்று எண் வந்துவிடும். அலைபேசி கைக்கு எட்டாத வழக்குகளில் படத்தை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. அங்கே நீர்த்துளி உள்ள முகங்கள் என்னைப் பலமுறை தடுமாற வைத்திருக்கின்றன. கண்ணீர், வியர்வை, உறங்கும் முகத்தின் மூக்குக் குமிழ் மூன்றும் சிறிய அச்சில் ஒன்றுபோலத் தெரிகின்றன. துளி கன்னத்திலா, நெற்றியிலா, மூக்கருகிலா என்று பெரிதாக்கிப் பார்த்தே முடிவு செய்கிறேன். கருப்பு வெள்ளை நகலில் சிவப்பு இதயமும் கருப்பு இதயமும் வேறுபடாது என்பதால், அத்தகைய நகலை வைத்து இதயத்தின் நிறத்தை எழுத மறுத்துவிடுகிறேன்.

ஸ்டிக்கருக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. அது எண் அன்று, ஒரு படக்கோப்பு. எனவே எல்லா அலைபேசியிலும் ஒரே மாதிரிதான் தெரியும். சிக்கல் பொருளில்தான். வடிவேலுவின் முகமுள்ள ஸ்டிக்கரை அனுப்பியவர் கேலி செய்தாரா, தன் பரிதாப நிலையைச் சொன்னாரா என்பது, அந்தக் காட்சி இருவருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில் தொங்குகிறது. அசையும் ஸ்டிக்கராக இருந்தால், ஸ்கிரீன்ஷாட்டில் அதன் ஒரு கணம் மட்டுமே மிஞ்சும். ஆகவே படத்தில் உள்ளதையும் அதன்மேல் எழுதியிருப்பதையும் விவரித்து, பொருளை எழுதாமல் விட்டுவிடுகிறேன்.

அந்த வாடகை வழக்கிலும் ‘சிரித்தார்’ என்றோ ‘சலித்துக்கொண்டார்’ என்றோ நான் எழுதவில்லை. எமோஜியின் யூனிகோட் பெயரையும் எண்ணையும் மொழிபெயர்ப்பில் வைத்து, அனுப்பியவர் திரையில் அன்று தெரிந்த முகத்தையும் பெற்றவர் திரையில் தெரிந்த முகத்தையும் பதிப்பு விவரத்தோடு அடிக்குறிப்பில் தனித்தனியே தந்தேன்.