பேர்தான் கம்மி: மெலடோனின் மிட்டாய் வாங்கும் முன்

போன மே மாதம் அம்மா சென்னையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தார். இங்கே மதியம் ஒரு மணி என்றால் அம்மாவின் உடம்புக்கு ஊரில் இரவு பத்தரை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே கண் சொருகிவிடும். இரவு பத்து மணிக்கு நாங்கள் படுக்கப் போகும்போது ஊரில் காலை ஏழரை, அம்மா காபி போட அடுப்படிக்கு வந்து நிற்பார். ஐந்து நாள் இப்படியே போனது. அலுவலகத்தில் எல்லாரும் சொல்வதுதானே என்று பெரிய மருந்துக்கடைச் சங்கிலி ஒன்றில், இரவில் உடம்பு சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலடோனின் கலந்த கம்மி வாங்கினேன். ஸ்ட்ராபெரி வாசனை, அறுபது மிட்டாய். முன்பக்கத்தில் பெரிதாக 5 மி.கி.

கடையின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. படித்து முடித்தால், அது ஒரு கம்பெனியின் கதை இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் இரவு ஒன்று கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள்தான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் சப்ளிமெண்ட் ஃபேக்ட்ஸ் என்ற கட்டத்தின் முதல் வரியிலேயே, கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில், 'செர்விங் சைஸ்: 2 கம்மீஸ்' என்று இருந்தது. முன்பக்கத்து ஐந்து மில்லிகிராம் இரண்டு மிட்டாய்க்குச் சேர்த்து. ஒன்றில் இரண்டரைதான். சட்டப்படி இது பொய் இல்லை, ஆனால் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறத்தான் செய்வார். அதே அலமாரியில் பக்கத்து பாட்டிலில் 10 மி.கி. என்று இருந்தது, அதில் செர்விங் ஒரு மிட்டாய். பார்வைக்கு இரண்டு மடங்கு, ஒவ்வொரு மிட்டாயாக எடுத்துக்கொண்டால் நான்கு மடங்கு.

சரி, இரண்டாகக் கொடுத்தேன். அம்மா பதினொரு மணிக்குத் தூங்கி ஐந்தரைக்கு எழுந்தார், நிம்மதி. ஒரு மாதம் கழித்து இரண்டாவது பாட்டில் வாங்கினேன். அதே கம்பெனி, அதே ஸ்ட்ராபெரி, அதே 5 மி.கி., எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்ட அடியில் அச்சிட்ட லாட் எண் மட்டும் வேறு.

அதிலிருந்து இரண்டு கொடுத்த முதல் இரவே வித்தியாசம் தெரிந்தது. காலை பத்தரை வரை அம்மா எழுந்திருக்கவில்லை. எழுந்தபின் தலை கனம், நாக்குக் குழறல். "ராத்திரி முழுக்க யாரோ துரத்துற மாதிரியே கனவுடி" என்றார். மூன்றாம் நாள் காலை மாடிப்படியில் இறங்கும்போது ஒரு படி தவறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். அறுபத்தொன்பது வயது. அன்றோடு பாட்டிலை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். இரண்டு நாளில் அம்மா பழையபடி ஆனார்.

இரண்டாவது பாட்டிலில் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் ஆய்வகம் இல்லை. பயணக் களைப்பு, வயது, வேறு மாத்திரைகள் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆனால் ஊரிலுள்ள எங்கள் டாக்டருக்குப் போன் போட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மில்லிகிராம் கொடுத்தீங்க?" என்பதுதான். அஞ்சு என்றேன். அம்மாவின் பி.பி. மாத்திரை நிஃபெடிபின். அதோடு மெலடோனின் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறக்கூடும், நிறுத்துங்கள் என்றார். அது எனக்குத் தெரியாமல் போனது என் தப்பு. ஆனால் நான் சொன்ன அந்த 'அஞ்சு' சரிதானா?

கம்பெனிக்கு எழுதினேன். இந்த லாட்டில் ஒரு மிட்டாயில் உண்மையில் எத்தனை மி.கி. இருந்தது, சோதனை அறிக்கையை அனுப்புங்கள் என்று ஒரே ஒரு கேள்வி. ஒன்பது நாள் கழித்து ஒரு தாள் வந்தது. கட்டம் போட்டு, கையெழுத்தெல்லாம் போட்டு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மெலடோனின் என்ற வரியில், இருக்கவேண்டிய அளவு 'செர்விங்குக்கு 5 மி.கி.க்குக் குறையாமல்'. கிடைத்த அளவு என்ற இடத்தில் எண்ணே இல்லை. 'கன்ஃபார்ம்ஸ்' என்று ஒரே சொல். அதாவது தேறிவிட்டது.

குறையாமல் என்பதை மறுபடி படியுங்கள். ஐந்து இருந்தாலும் தேறும், பதினைந்து இருந்தாலும் தேறும். நம் ஊர்ப் பால்காரர் லிட்டருக்குக் குறையாமல் ஊற்றினால் சந்தோஷம். ஹார்மோனை அப்படி ஊற்றினால்?

இது அந்தக் கம்பெனியின் தில்லுமுல்லு என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் படித்தபிறகு தெரிந்தது, அமெரிக்காவில் விதியே ஏறக்குறைய இப்படித்தான். 1994-ல் வந்த சட்டப்படி மெலடோனின் இங்கே மருந்து இல்லை, உணவுச் சப்ளிமெண்ட். விற்பனைக்கு வருமுன் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் யாரும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தயாரிப்பு முறைக்கு 2007-லிருந்து விதிகள் உண்டு. சோதிக்க வேண்டும், பதிவு வைக்க வேண்டும். ஆனால் எந்த அளவுக்குள் இருந்தால் சரி என்ற வரம்பைக் கம்பெனியே வகுத்துக்கொள்ளலாம். லேபிளில் போட்டதைவிடக் குறைந்தால்தான் தப்பு. கூடினால், தயாரிப்பில் அது நியாயமான கூடுதல் என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. மருந்து மாத்திரை என்றால் பெரும்பாலும் 90-லிருந்து 110 சதவீதத்துக்குள் அடைபட்டாக வேண்டும், மேலே போனாலும் லாட்டே தள்ளுபடி.

கம்பெனிகள் வேண்டுமென்றேதான் கூடப் போடுகின்றன. மெலடோனின் வெளிச்சத்திலும் சூட்டிலும் ஈரத்திலும் மெல்லச் சிதையும். இரண்டு வருடம் கழித்துக் காலாவதித் தேதியன்றும் ஐந்து குறையக்கூடாது என்றால் தொடக்கத்திலேயே ஐந்துக்கு மேல் போட்டாக வேண்டும். எவ்வளவு மேல் என்பது அவரவர் கணக்கு. ஆகவே புதிதாகத் தயாரித்த பாட்டிலும், கடையில் ஒரு வருடம் கிடந்த பாட்டிலும் ஒரே பலம் இருக்காது.

கம்மியில் இது இன்னும் மோசம். சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, ஜெலட்டினோ பெக்டினோ சேர்த்து, சூடு ஆறுமுன் அச்சில் ஊற்றுகிறார்கள். ஒரு மிட்டாய் மூன்று கிராம் என்று வையுங்கள், அதில் மெலடோனின் இரண்டரை மில்லிகிராம். ஆயிரத்து இருநூறில் ஒரு பங்கு. பெரிய அண்டாவில் கேசரி கிளறும்போது ஒரு சிட்டிகைக் குங்குமப்பூவை எல்லாத் துண்டுக்கும் சமமாகப் போய்ச் சேரச் சொல்வது போலத்தான். சூடும் ஈரமும் வேறு. அழுத்திச் செய்யும் மாத்திரையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் மாத்திரை என்றால் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

2017-ல் கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்து வெளியிட்டார்கள். லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவானதும் இருந்தது, 478 சதவீதம் கூடுதலானதும் இருந்தது. கூடுதலில் முதலிடம் ஒரு மெல்லும் மாத்திரைக்கு. லேபிளில் 1.5 மி.கி., உள்ளே ஏறக்குறைய 9. என் வயிற்றைக் கலக்கியது வேறொன்று: ஒரே கம்பெனியின் ஒரே பொருளில் லாட்டுக்கு லாட் 465 சதவீதம் வரை வித்தியாசம். என் இரண்டு ஸ்ட்ராபெரி பாட்டில்களும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. எட்டுத் தயாரிப்புகளில் லேபிளில் இல்லாத செரட்டோனின் என்ற மூளை ரசாயனமும் இருந்தது.

2023-ல் அமெரிக்காவில் விற்கும் கம்மிகளை மட்டும் எடுத்துச் சோதித்த ஆய்வு ஜாமா மருத்துவ இதழில் வந்தது. 25 தயாரிப்புகளில் 22-ன் லேபிள் தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை. மற்றவற்றில் லேபிள் அளவின் 74 சதவீதத்திலிருந்து 347 சதவீதம் வரை. ஐந்து என்று போட்ட பாட்டிலுக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: 3.7 மி.கி.யாகவும் இருக்கலாம், 17.3 மி.கி.யாகவும் இருக்கலாம். டாக்டரிடம் நான் சொன்ன 'அஞ்சு' இவ்வளவு அகலமானது.

இத்தனைக்கும் ஐந்தே ஜாஸ்தி. வயதானவர்களுக்கு 0.3 மி.கி. போதும் என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2001-லேயே எழுதியிருக்கிறார்கள், இரவில் உடம்பே சுரக்கும் அளவுக்கு ரத்தத்தில் ஏற்ற அது போதுமாம். பிரிட்டனில் இது டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது, அங்கே வழக்கமான மாத்திரை 2 மி.கி. இங்கே மிட்டாய் அலமாரிக்குப் பக்கத்தில் பத்து. மிட்டாய் என்றதும் நினைவு வருகிறது: என் நான்கு வயது மகள் ஒருநாள் நாற்காலி போட்டு ஏறிப் பாட்டியின் 'பிங்க் மிட்டாய்' பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டாள். மூடி திறக்க வரவில்லை, பிழைத்தோம். மெலடோனினை விழுங்கிய குழந்தைகள் பற்றி அமெரிக்க விஷ மையங்களுக்கு 2012-ல் வந்த தகவல்கள் 8,337. 2021-ல் 52,563.

இப்போதும் வாங்கத்தான் வேண்டும் என்றால் நான் பார்ப்பது இரண்டு விஷயம். முன்பக்க எண்ணைக் கண்டுகொள்ளாமல் செர்விங் வரியை முதலில் படித்து, ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொள்கிறேன். பிறகு யு.எஸ்.பி. வெரிஃபைடு என்ற வட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். லேபிளில் சொன்ன அளவு உள்ளே இருக்கிறதா என்று கம்பெனிக்கு வெளியே உள்ளவர்கள் சோதித்துத் தரும் முத்திரை அது. மெலடோனினில் அபூர்வம், ஆனால் 3 மி.கி. மாத்திரைகளில் தேடினால் கிடைக்கிறது. 'எங்கள் ஆய்வகத்தில் சோதித்தது', 'பார்மசூட்டிக்கல் கிரேடு' போன்ற வாசகங்கள் அதற்கு ஈடாகாது. எழுதிக்கொள்கிறவர்கள் அவர்களே.

பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். லாட் எண்ணோடு எஃப்.டி.ஏ.வின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், கொடுத்தேன். கம்பெனியோ பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த முறை வாங்க 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பனும் வைத்தது.

ஜூலையில் அம்மா ஊருக்குக் கிளம்பினார். பெட்டி கட்டும்போது கீழ்வீட்டு மாமி கொடுத்த பட்டியலை நீட்டினார். பாதாம், சாக்லேட், முட்டிவலித் தைலம், கடைசி வரியில் 'தூக்க மிட்டாய் ரெண்டு பாட்டில், ஸ்ட்ராபெரி'. பாதாமைக் கூட ஒரு கிலோ வைத்து அனுப்பினேன்.