ஜி-யா, கே-யா: மூன்று வருட வாலட் ஆப் அனுபவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் இளநீர்க் கடை வைத்திருக்கிறேன். இந்த வாலட் ஆப்பைப் பயன்படுத்த ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. பணம் வாங்க, ரீசார்ஜ் செய்ய, கரண்ட் பில் கட்ட ஒரு குறையும் இல்லை. ஆனால் வாலட்டில் சேர்ந்த 8,400 ரூபாயை வங்கிக்கு மாற்றப் போனபோதுதான் வம்பு வந்தது. "Name mismatch with bank records" என்று ஒரே ஒரு வரி. எந்தப் பெயர், எங்கே பொருந்தவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்த ஆப்பின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் அதுதான்.

முதலில் புரோஃபைலில் பெயரைத் திருத்திப் பார்த்தேன். பயனில்லை. அது திரையில் காட்டுவதற்கான பெயர் மட்டுமே. கேஒய்சி முடிக்கும்போது பான் கார்டிலிருந்து எடுத்த பெயரை நாம் தொட முடியாது. சரி, வீட்டுக்காரி கணக்கைச் சேர்க்கலாம் என்று பார்த்தால், வாலட்டுக்காரர் பெயரில் உள்ள கணக்குதான் வேண்டுமாம். மூன்று முறை தவறியதும் ஒரு நாள் பூட்டிவிட்டார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். நாம் கணக்கைச் சேர்த்ததும் ஆப் அதற்கு ஒரு ரூபாய் அனுப்புகிறது. இதைப் பென்னி டிராப் என்பார்கள். ரூபாய் சேர்ந்ததும், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று வங்கியிலிருந்து பதில் வருகிறது. அதையும் கேஒய்சி பெயரையும் கணினி ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறது. எவ்வளவு வந்தால் பாஸ் என்பது அந்தந்த நிறுவனத்தின் முடிவு. அதனால் எனக்கு ஒரு ரூபாய் வந்ததாக எஸ்எம்எஸ் வந்தது, திரையிலோ தோல்வி!

வங்கி என்ன பெயர் சொல்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்காரி போனிலிருந்து என் வங்கிக் கணக்கின் யுபிஐ ஐடிக்கு ஒரு ரூபாய் அனுப்பப் போனேன். அனுப்பும் முன்பே திரையில் வந்தது: K THANKAVELU. என் பான் கார்டிலோ THANGAVELU KANDASAMY.

இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்குக் காரணம் உடனே புரியும். தங்கவேலுவை மலையாளத்தில் எழுதும்போது நம் 'ங்க' போலவே எழுதுவார்கள், ஆனால் ஆங்கிலத்தில் 'nk' போடுவது அவர்கள் வழக்கம். பள்ளிச் சான்றிதழில் கிளார்க் அப்படி எழுதினார், அதை வைத்து வங்கிக் கணக்கு. பானில் இனிஷியல் போட முடியாது என்பதால் அப்பா பெயர் முழுதாக வந்து உட்கார்ந்தது. ஆதாரில் Thangavelu K. ஆக, ஒரே ஆள், மூன்று பெயர்.

பக்கத்துக் கடைத் தம்பி ஆதாரை மாற்றிவிடுங்கள் அண்ணா என்றான். வேண்டாம் என்று விட்டேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், அதோடு அங்கே எழுத்து சரியாகத்தானே இருக்கிறது. தப்பு இருக்கும் இடம் வங்கி. ஆதார், பான் நகலோடு கிளையில் திருத்த விண்ணப்பம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் புதுப் பெயர் ஏறிவிட்டது என்றார்கள். ஆப்பில் போட்டால் மறுபடி அதே தோல்வி!

திரும்பப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "சேட்டா, கஸ்டமர் ஐடியில் பேரு மாறி. அக்கௌண்ட் பேரு மாறிட்டில்லா" என்றார். கணக்கின் பெயர் இன்னும் மாறவில்லை என்று அர்த்தம். வாடிக்கையாளர் பதிவும் கணக்கின் பெயரும் அங்கே தனித்தனி இடமாம், பென்னி டிராப்புக்குப் போவது இரண்டாவது. அதையும் THANGAVELU K என்று மாற்றிக் கொடுத்தார். மறுநாள் பழைய கணக்கை ஆப்பிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன், ஏற்றுக்கொண்டது. 8,400 ரூபாயும் சில நிமிடத்தில் வங்கிக்கு வந்தது. பானில் அப்பா பெயர் முழுதாகவும் வங்கியில் வெறும் K என்றும் இருந்தும் இந்த ஆப் தள்ளவில்லை. வேறு ஆப் தள்ளலாம்.

நடுவில் ஆப்பின் உதவி மையத்துக்கு நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் "வங்கியை அணுகவும்" என்ற அச்சடித்த பதில். அவர்கள் முப்பது நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் புகார் போடலாம் என்று டிக்கெட் எண்களைக் குறித்து வைத்திருந்தேன். அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பணம் வாங்க, கொடுக்க ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வெளியே எடுக்கும் வசதிக்கு இரண்டுதான். வங்கி சொன்ன பெயரைத் திரையில் காட்டியிருந்தாலே எனக்கு மூன்று வாரம் மிச்சம்.

அப்புறம் வீட்டுக்காரி பாஸ்புக்கையும் எடுத்துப் பார்த்தேன். முருகேஸ்வரி அங்கே MURUKESWARI. திங்கட்கிழமை இன்னொரு விண்ணப்பம் எழுத வேண்டும்.