அஞ்சாவது செட்டில் கெண்டைக்கால் பிடிப்பது உப்பாலா, நரம்பாலா?

தேவகோட்டை, காரைக்குடி பக்கம் மே மாதத்து வாலிபால் டோர்னமெண்டில் அஞ்சாவது செட் வந்துவிட்டால் யாராவது ஒருவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்காருவார். பெரும்பாலும் அட்டாக்கர்தான். உடனே நாலு வைத்தியம் ஓடி வரும். ஒருவர் பாதத்தைப் பிடித்து முழங்காலை நோக்கி வளைப்பார். இன்னொருவர் உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரை நீட்டுவார். யாராவது ஒரு பெரியவர் ஊறுகாய்ச் சாற்றை நக்கச் சொல்வார். வாழைப்பழமும் எங்கிருந்தோ வந்துவிடும். இந்த நாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எதை எப்போது நம்பலாம் என்பது, பிடிப்பு ஏன் வருகிறது என்ற பழைய சண்டையில் யார் பக்கம் வலு அதிகம் என்பதைப் பொறுத்தது.

முதல் கட்சி உப்புக் கட்சி. 1930களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டியபோது கடும் வெயிலில் வேலை செய்தவர்களுக்குப் பிடிப்பு வந்தது, உப்பு கொடுத்ததில் குறைந்தது. நிலக்கரிச் சுரங்கங்களிலும் இதே அனுபவம். வியர்வையோடு சோடியம் போய்விடுகிறது, அதனால் தசை பிடிக்கிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேரூன்றியது.

இரண்டாவது கட்சி நரம்புக் கட்சி. தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் 1997-ல் இதை முன்வைத்தார். தசைக்குள் இருக்கும் ஓர் உணரி 'சுருங்கு' என்று தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகிறது. தசைநாணில் இருக்கும் இன்னொன்று 'போதும், விடு' என்கிறது. தசை களைத்துப்போகும்போது முதலாவதன் சத்தம் கூடுகிறது, இரண்டாவதன் சத்தம் குறைகிறது. ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கும் தசையை மேலும் இறுக்கினால் நிலைமை இன்னும் மோசம். அட்டாக்கர் எம்பும்போது குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நிற்கிறாரே, கெண்டைத்தசைக்கு அதுதான் அந்த நிலை. முதல் செட்டிலும் அதே எம்பல்தான், ஆனால் அப்போது தசை புதுசு.

என் ஓட்டு பெரும்பாலும் இரண்டாவது கட்சிக்குத்தான். காரணம் எளிது. உப்புக் குறைவு உடம்பு முழுக்க இருக்கும். அப்படியானால் கையும் தோளும் ஏன் பிடிப்பதில்லை? எம்பிய கால்தான் பிடிக்கிறது. பாதத்தை வளைத்து நீட்டினால் அரை நிமிஷத்தில் விட்டுவிடுகிறது, அந்த அரை நிமிஷத்தில் ரத்தத்தில் ஒரு துளி உப்பும் கூடியிருக்காது. 2011-ல் வெளியான, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் டிரையத்லான் போட்டியாளர்கள் இருநூறு பேருக்கு மேல் கவனித்த ஆய்வில், பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நீர் இழப்பிலும் சோடியத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வேகமாகப் போனவர்களுக்கும், முன்பே பிடிப்பு வந்த அனுபவம் உள்ளவர்களுக்கும்தான் ஆபத்து அதிகமாக இருந்தது.

அதற்காக உப்பைத் தள்ளிவிட முடியாது. ஆட்டம் முடிந்து சட்டை காய்ந்ததும் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா? அப்படி ஆகிறவர்களின் வியர்வையில் சோடியம் கூடுதல். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ அட்டாக்கர் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறார். 1.6 கிலோ குறைந்திருக்கிறது, இடையில் ஒரு லிட்டர் குடித்திருக்கிறார். ஆக வியர்வை 2.6 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிராம் சோடியம் என்று வைத்தால், போனது ஆறரை கிராம் உப்புக்குச் சமம், ஒரு தேக்கரண்டியை ஒட்டி. அதை வெறும் தண்ணீரால் ஈடுகட்டுவது சரியில்லை. ஆஸ்திரேலியாவில் 2019-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், வெக்கையில் ஓடி வியர்த்த ஆண்களுக்கு வெறும் தண்ணீர் கொடுத்தபோது, மின்தூண்டலால் பிடிப்பை வரவழைப்பது எளிதானது. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. உப்பு பிடிப்பைத் தள்ளிப்போட உதவலாம், வந்த பிடிப்பை விடுவிக்காது. இரண்டுக்கும் இடையிலான இந்த வித்தியாசத்தைத்தான் களத்தோரம் யாரும் யோசிப்பதில்லை.

சரி, வைத்தியங்களை எடை போடுவோம்.

நீட்டுவதற்குப் போட்டியே இல்லை. முழங்காலை நேராக வைத்து, பாதத்தின் முன்பகுதியை மெதுவாக முழங்காலை நோக்கி வளைத்து, முடிச்சு தளரும்வரை பிடித்திருக்க வேண்டும். விளையாடுபவரே முன்பாதத்தை மேலே தூக்க முயன்றால் இன்னும் நல்லது. முன்கால் தசை வேலை செய்யும்போது கெண்டைத்தசைக்கு 'விடு' என்ற கட்டளை போகிறது. உதறி இழுப்பதும், முடிச்சின்மேல் முழங்கையால் குத்துவதும் வேண்டாம். விட்டபின்னும் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடித்தால், தசை இன்னும் தயாரில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எம்பினால் அடுத்த பந்திலேயே திரும்பப் பிடிக்கும். ஒரு ரொட்டேஷன் வெளியே உட்காரட்டும்.

இரண்டாமிடம் ஊறுகாய்ச் சாற்றுக்கு, ஆனால் நம் ஊறுகாய்க்கு அல்ல. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் மில்லரின் குழு, நீர் இழந்த ஆண்களுக்குக் கால் விரல் தசையில் மின்தூண்டலால் பிடிப்பை வரவழைத்து, கிலோவுக்கு ஒரு மில்லி வீதம், அதாவது 70 கிலோவுக்கு 70 மில்லி, வினிகரில் ஊறிய வெள்ளரியின் சாற்றைக் கொடுத்தது. தண்ணீர் குடித்ததைவிட பிடிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சீக்கிரமாக விட்டது. ரத்தத்து உப்பு மாறவில்லை, வயிற்றிலிருந்து அது சேர்வதற்கு நேரமும் இல்லை. அதனால் வினிகரின் கடும் புளிப்பு தொண்டையில் ஒரு நரம்பு எதிர்வினையைத் தூண்டுகிறது என்று கருதுகிறார்கள். நார்த்தங்காய், உப்பு எலுமிச்சை ஊறிய சாற்றில் வினிகர் இல்லை, புளிப்பு வேறு அமிலத்தினுடையது. அதை வைத்து இப்படிச் சோதனை செய்து நான் பார்த்ததில்லை, ஆகவே அந்தப் பெரியவரை மறுக்கவும் மாட்டேன், ஜெயிக்கவும் வைக்க மாட்டேன்.

உப்பு எலுமிச்சைத் தண்ணீரோ, நீர்மோரோ செட்டுகளுக்கு நடுவே தொடங்கவேண்டியது. ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அளவில். இதுதான் வீட்டுக் கரைசலின் தெரிந்த அளவு. ரத்தக் கொதிப்புக்கு மருந்து சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வாழைப்பழம் கடைசி. மில்லரே அதையும் பார்த்தார். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் பொட்டாசியம் கொஞ்சம் கூடியது. அதற்குள் கோப்பை கொடுத்து முடிந்திருக்கும்.

நரம்புக் கட்சி சரி என்றால் உண்மையான தடுப்பு பயிற்சியில்தான். மூன்று செட்டுக்கு மட்டும் பழகிய கால் அஞ்சாவதில் ஏன் நிற்கும்? வாரத்தில் இரண்டு மாலை, ஆட்டம் முடிந்த களைப்பிலேயே குதிகால் உயர்த்தும் பயிற்சியும், மெதுவாக எம்பி இறங்குவதும் செய்யவேண்டும்.

அப்புறம், எல்லாவற்றையும் பிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 'பட்' என்று ஒரு சத்தம், நீட்ட நீட்ட வலி கூடுவது, அடுத்த நாள் நீலம் பாரிப்பது என்றால் தசை கிழிந்திருக்கும், நீட்டவே கூடாது. பிடிப்பு ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கும் வயிற்றுக்கும் தாவி, ஆள் உளறினாலோ வாந்தி எடுத்தாலோ அது வெயில் பாதிப்பு, அல்லது தண்ணீர் மட்டுமே மிதமிஞ்சிக் குடித்ததில் சோடியம் சரிந்த நிலை. நிழலில் கிடத்தி, உடம்பைக் குளிர்வித்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள், இன்னும் ஒரு சொம்பு தண்ணீரைத் திணிக்காதீர்கள்.