நெம்புகோல், வெயிட், ஸ்பிரிங், உருகும் உலோகம்: குக்கரின் பாதுகாப்பு வால்வுகள், ஓர் ஒப்பீடு

மூடிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்தால் அதன் கொதிநிலை உயரும் என்பதைச் சமையலுக்குப் பயன்படுத்திக் காட்டியவர், பிரான்சில் பிறந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த டெனிஸ் பாப்பின். 1679-இல் அவர் உருவாக்கிய கருவி, திருகால் இறுக்கி மூடப்பட்ட கனமான உலோகக் கலம். எலும்பையும் மென்மையாக்கிவிடும் என்பதால் அதற்குச் ‘செரிப்பான்’ என்ற பொருளில் பெயரிட்டார். 1682 ஏப்ரலில் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர்களுக்கு அதில் சமைத்த விருந்தொன்று அளிக்கப்பட்டது. அதில் கலந்துகொண்ட ஜான் எவலின், கடினமான மாட்டெலும்புகூடப் பாலாடைக்கட்டி போல மென்மையாகியிருந்தது என்றும், அதற்கு எட்டு அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 225 கிராம் கரிகூடச் செலவாகவில்லை என்றும் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இன்றைய குக்கரின் அடிப்படை அப்போதே முழுமையடைந்துவிட்டது என்று சொல்லலாம். அதற்குப் பின்னர் பெரிதும் மாறியது, மிஞ்சிய நீராவியை வெளியேற்றும் முறைதான். பாப்பினின் முறை, அதன்பின் வந்த வெயிட், அதற்குத் துணையாக நிற்கும் ஸ்பிரிங் வால்வு, உருகும் உலோக வால்வு ஆகியவற்றை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலில், வால்வு எந்த ஆபத்தைத் தடுக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். வீட்டுக் குக்கர் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்ற கூடுதல் அழுத்தத்தில் இயங்குகிறது; அப்போது உள்ளிருக்கும் நீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் இருக்கும். 20 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. என்பதால், அந்த மூடியை 314 கிலோ எடைக்கு நிகரான விசை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து அந்த நீரிலேயே இருக்கிறது. மூடி திடீரெனக் கழன்றால், 2 லிட்டர் நீரில் ஏறத்தாழ 80 கிராம் அந்தக் கணமே ஆவியாகி, 130 லிட்டர் அளவுக்கு விரிந்து, கொதிக்கும் குழம்பையும் சேர்த்து வெளியே வீசும். அடுப்பை அணைத்த பிறகும் குக்கர் ஆபத்தானதாகவே இருப்பது இதனால்தான்.

பாப்பினின் வால்வு, மூடியிலிருந்த துளையை ஓர் அடைப்பானால் மூடி, அதன்மேல் ஒரு நெம்புகோலைக் கிடத்தி, நெம்புகோலின் மறுமுனையில் எடையைத் தொங்கவிடும் அமைப்பு. துளையின் பரப்பு 1 சதுர செ.மீ. என்று கொண்டால், 1 கிலோ அழுத்தத்தை அடக்க அதன்மேல் 1 கிலோ எடை வேண்டும். ஆனால் நெம்புகோலின் நீளத்தைப் பயன்படுத்திப் பத்து மடங்கு தொலைவில் தொங்கவிட்டால் 100 கிராமே போதும். எடையை உள்ளே நகர்த்தினால் அழுத்தம் குறையும், வெளியே நகர்த்தினால் கூடும். வெவ்வேறு வெப்பத்தில் சோதனை செய்ய விரும்பிய ஆய்வாளருக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. மூடியின்மேல் ஒரு சொட்டு நீரை விட்டு, அது வற்றும் நேரத்தைக் கணக்கிட்டு உள்ளிருக்கும் வெப்பத்தை ஊகித்த மனிதர் அவர்.

ஆனால் யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் குறையும் ஆகும். கையால் கூட்ட முடிந்த வரம்பைக் கையால் முடக்கவும் முடியும். நீராவி இயந்திரங்களின் வரலாற்றில் இதற்கு வருந்தத்தக்க சான்று உண்டு: 1831-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், வால்விலிருந்து வந்த சீறலைப் பொறுக்காத தீமூட்டுநர் அதை அழுத்தி மூடிவிட, ‘பெஸ்ட் ஃபிரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்’ என்ற ரயில் எஞ்சினின் கொதிகலன் வெடித்தது, அவரும் உயிரிழந்தார்.

நம் சமையலறையில் உள்ள வெயிட் இந்தக் குறையைப் பெரிதும் போக்கிவிடுகிறது. நெம்புகோல் இல்லை, நகர்த்த எதுவும் இல்லை. ஆவிக்குழாயின் துளை 3 மி.மீ. விட்டமென்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 0.07 சதுர செ.மீ.; எனவே 70 கிராம் எடையே 1 கிலோ அழுத்தத்தை அடக்கிவிடும். அதற்குமேல் அழுத்தம் ஏறினால் வெயிட் தானாக எழுந்து விசிலடித்துவிட்டு அமரும். வரம்பு தயாரிப்பின்போதே முடிவாகிவிடுவதால், ஒரு நிறுவனத்தின் வெயிட்டை வேறு நிறுவனத்தின் குக்கரில் வைப்பது கூடாது. துளை சற்றுச் சிறிதாக இருந்தாலும் அழுத்த வரம்பு எகிறிவிடும்.

வெயிட்டின் பலவீனம் அந்தக் குறுகலான துளைதான். துவரம் பருப்பை அளவுக்கு மேல் போட்டு வேகவைக்கும் நிலையை எடுத்துக்கொள்வோம். நுரை மேலெழுகிறது, அதோடு வந்த பருப்புத் தோல் ஒன்று ஆவிக்குழாயின் உள்வாயில் ஒட்டிக்கொள்கிறது. வெயிட்டுக்குக் கீழே இப்போது ஆவியே வராததால் அது அசைவதில்லை, விசிலும் வருவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குக்கர் அமைதியாக இருப்பதாகவே தோன்றும்; உள்ளேயோ அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வழக்கமாக விசில் வரும் நேரம் கடந்தும் வராமலிருப்பதும், மூடியின் விளிம்பில் சீறல் கேட்பதும்தான் அறிகுறிகள். அப்போது அடுப்பை அணைத்துவிட்டு, வெயிட்டையும் மூடியையும் தொடாமல், தானாக ஆறும்வரை விட்டுவிட வேண்டும். பருப்பு வகைகளைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதும், குழாயிலிருந்து ஆவி சீராக வருவதைப் பார்த்த பிறகே வெயிட் போட வேண்டும் என்பதும் இந்த அடைப்பை மனத்தில் கொண்ட விதிகளே.

பாப்பினின் கலத்தில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது, ஆபத்தில் திறப்பது ஆகிய இரு வேலைகளையும் ஒரே வால்வு செய்தது. இன்றைய குக்கர் அவற்றைப் பிரித்து, இரண்டாவது வேலையை மூடியில் தனியாக உள்ள பாதுகாப்பு வால்விடம் ஒப்படைத்திருக்கிறது. என் பார்வையில், முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான வளர்ச்சியில் மிக முக்கியமான திருப்பம் இதுதான்.

அந்த இரண்டாவது வால்வு ஸ்பிரிங்காலும் அமையலாம், உருகும் உலோகத்தாலும் அமையலாம். ஸ்பிரிங் வகை அழுத்தத்தையே நேரடியாக உணர்ந்து திறக்கும். அழுத்தம் தணிந்ததும் மீண்டும் மூடிக்கொள்ளும். மாற்ற வேண்டிய செலவும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் திறக்காமலே இருக்கும் அதன் அடைப்பான் அமரும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் கஞ்சியும் காய்ந்து இறுகினால், அது ஒட்டிக்கொண்டதை வெளியிலிருந்து அறிவது கடினம். உருகும் வகை வெப்பத்தை உணர்வது. மூடிய பாத்திரத்தில் ஆவியின் அழுத்தம் கூடும்போது வெப்பமும் கூடவே ஏறும் என்பதால், இயல்பான சமையல் வெப்பத்துக்குச் சற்று மேலே உருகும் கலவை உலோகத்தைத் துளையில் நிரப்பினால், உரிய நேரத்தில் அது உருகி வழிவிடும். நீர் வற்றி அடிப்பிடிக்கும் நிலையிலும், அழுத்தம் அதிகமில்லாதபோதே, இது திறந்துவிடும். ஸ்பிரிங் வால்வால் அது இயலாது. நகரும் பாகம் ஏதும் இல்லாததால் ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் குறைவு. வீட்டுப் பயன்பாட்டுக்கு இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இதன் குறை, ஒருமுறை உருகினால் புதிதாக மாற்றியே ஆக வேண்டும் என்பது. அவசரத்தில் அந்தத் துளையில் போல்ட் ஒன்றை முறுக்கிவிடுவோரும் உண்டு. தென் கரோலினாவில் வால்வை மூடிய கைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அதே குக்கருக்கு உரிய வால்வையே வாங்கிப் பொருத்த வேண்டும். பொருத்துவதற்கு முன், ஆவிக்குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடைப்பில்லை என்று உறுதிசெய்வதுடன், அடிப்பிடித்ததா, நீர் போதுமான அளவு ஊற்றப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். காரணம் அப்படியே இருந்தால் புதிய வால்வும் அடுத்த சமையலிலேயே உருகும்.