அல்பிரசோலத்தின் இடத்தில் பஸ்பிரோனா, ஹைட்ராக்சிசினா?

பதற்றத்துக்குத் தரும் மாத்திரைகளைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது "எது பவர் அதிகம்?" என்றுதான். அதைவிட எது எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும், நிறுத்தும்போது என்ன ஆகும் என்று கேட்பதே பயன்படும்.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பென்சோடயசெபைன்கள் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பதற்றத்தை அடக்கிவிடும். தினமும் சில வாரங்கள் போட்டாலே உடம்பு அதற்குப் பழகிவிடும் என்பதுதான் சிக்கல். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளோ முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். முதல் வாரத்தில் குமட்டலும் சற்றுக் கூடுதல் படபடப்பும் வரலாம். பாலுறவு ஆர்வம் குறைவதால் பலர் பாதியில் நிறுத்துவதும் உண்டு. ஆனாலும் நீண்டகாலப் பதற்றத்துக்கு முதலில் தருவது இவற்றைத்தான். திடீர் பீதித் தாக்குதலும் மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் இவற்றின் கை இன்னும் ஓங்கும்.

பஸ்பிரோன் இந்த இரண்டிலும் சேராது. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை ஏற்கும் இடங்களில் ஒன்றான 1ஏ ஏற்பியில் ஒட்டி, அதை அரைகுறையாகத் தூண்டும். தூக்கம் வரவைப்பது குறைவு, அடிமையாக்காது, பாலுறவைப் பெரும்பாலும் பாதிக்காது. எதற்கெடுத்தாலும் கவலை என்று மாதக்கணக்கில் நீளும் பதற்றத்துக்குத்தான் இது. பீதித் தாக்குதலுக்கு இதை நம்ப முடியாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால், 'பதற்றம் வரும்போது ஒன்று' என்று போட்டால் எதுவுமே நடக்காது. இரத்தத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆகவே தினமும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் சேரும் அளவு கூடும். சாப்பிட்டுவிட்டா, வெறும் வயிற்றிலா என்று ஒரு முறையை முடிவுசெய்து தினமும் அப்படியே போட வேண்டும். போட்டதும் கொஞ்ச நேரம் தலைசுற்றுவது சாதாரணம்.

பஸ்பிரோன் பெயர் கெடுவது பெரும்பாலும் மாற்றும் விதத்தில்தான். ஒருவர் ஆறு மாதமாக அல்பிரசோலம் 0.5 மி.கி. காலை, இரவு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இனி இதை நிறுத்திட்டு பஸ்பிரோன் போடுங்க" என்று ஒரே நாளில் மாற்றினால், ஓரிரு நாளில் தூக்கம் போகும், கை நடுங்கும், வியர்க்கும், சின்னச் சத்தமும் எரிச்சலூட்டும். சிலருக்கு வலிப்பே வரலாம். "புது மாத்திரை ஒத்துக்கலை" என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் அது பழைய மாத்திரை விலகும் அறிகுறி. பென்சோடயசெபைன் பிடிக்கும், மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பியை பஸ்பிரோன் தொடுவதே இல்லை. அதனால் அந்த இடத்தை இது நிரப்பாது.

சரியான மாற்றம் இப்படி இருக்கும். அல்பிரசோலத்தின் அளவை மாற்றாமல், கூடவே பஸ்பிரோன் 5 மி.கி. இரண்டு வேளை தொடங்குவார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை 5 மி.கி. கூட்டி, நாளுக்கு 20 மி.கி. வரை போவார்கள். நான்கு வாரம் கழித்து அல்பிரசோலத்தின் நாள் அளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 0.125 மி.கி., அதாவது 0.25 மாத்திரையில் பாதி, குறைப்பார்கள். நாளுக்கு 1 மி.கி. என்பது எட்டுப் படி, ஏறக்குறைய நான்கு மாதம். கடைசிப் படிகளில் இன்னும் நிதானம் வேண்டியிருக்கும். இந்தக் கணக்கு ஓர் உதாரணம்தான். ஒவ்வொருவருக்கும் மருத்துவர்தான் போட வேண்டும்.

ஹைட்ராக்சிசின் அரிப்புக்குத் தரும் மாத்திரை என்றுதான் நம்மூரில் தெரியும். ஹிஸ்டமினைத் தடுத்து ஒரு மணி நேரத்துக்குள் அமைதியும் தூக்கமும் தரும், அடிமையாக்காது. உடனடி நிம்மதி வேண்டும், ஆனால் பென்சோடயசெபைன் கூடாது என்பவருக்கு உதவும். பெரியவர்களுக்குப் பாதியாகக் குறையவே இருபது மணி நேரம் பிடிக்கும் என்பதால், இரவு போட்ட 25 மி.கி. மறுநாள் காலை பைக் ஓட்டும்போதும் உள்ளே இருக்கும். உடலில் இது செட்டிரிசினாக மாறும். அதற்காகச் செட்டிரிசினையே பதற்றத்துக்குப் போடுவதில் பயனில்லை, அது மூளைக்குள் அதிகம் போகாது. தூக்கத்துக்கு ஏவில் போடும் பழக்கமும் பதற்றத்துக்கு மருந்தாகாது.

ஹைட்ராக்சிசினில் கவனிக்க வேண்டியது இதயம். இசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சுருங்கி மீண்டும் தயாராகும் நேரத்தை, நீட்டும். அது அதிகம் நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம். எஸ்சிட்டலோபிராமும் அதையே செய்யும். ஆகவே இரண்டையும் சேர்க்குமுன் இதயநோய், பொட்டாசியம் குறைவு, குடும்பத்தில் திடீர் மரணம் பற்றிக் கேட்க வேண்டும். 2015இல் ஐரோப்பிய மருந்து முகமை பெரியவர்களுக்கு நாளுக்கு 100 மி.கி., முதியவர்களுக்கு 50 மி.கி. என்று உச்ச வரம்பு வைத்தது இதனால்தான். முதியவர்களுக்கு மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் வரும் என்பதால், முடிந்தவரை தவிர்ப்பதே நல்லது. புராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்கு ஹைட்ராக்சிசின் தொடங்கிய பிறகு சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனால், அடுத்த வேளை போடும் முன்பே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.